ஒரே இரவு, ஒரே ஸ்ட்ரெச்சர்: மருத்துவமனைத் தொடரின் திரைக்கதை எப்படி உருவாகிறது?

மருத்துவமனையைக் களமாகக் கொண்ட தொடர் என்றதும் பெரும் விபத்து, குண்டுவெடிப்பு, வெள்ளம் போன்ற பேரிடர்களே பலருக்கும் நினைவுக்கு வரும். நிகில் அத்வானி உருவாக்கிய 'மும்பை டயரீஸ்' இந்தியாவில் அவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். 2021-இல் வெளியான அதன் முதல் பருவம் 26/11 தாக்குதல் நடந்த இரவையும், 2023-இல் வெளியான இரண்டாம் பருவம் மும்பையை மூழ்கடிக்கும் மழை வெள்ளத்தையும் ஓர் அரசு மருத்துவமனைக்குள் இருந்து காட்டின. பேரிடர் ஒன்று கதையின் மையத்தில் இருந்தால் எழுத்தாளரின் வேலையில் ஒரு பகுதி குறைந்துவிடும். அனைத்துக் கதாபாத்திரங்களும் ஒரே திசையில் ஓட, பரபரப்பு தானாகவே வந்துசேரும்.

பேரிடர் எதுவும் நிகழாத சாதாரண இரவை எழுதுவதுதான் கடினம். அங்கே பத்துப் பன்னிரண்டு ஊழியர்களும் ஐந்தாறு சிறு நெருக்கடிகளும் மட்டுமே இருக்கும். அவற்றில் எதுவும் தனியாக ஓர் அத்தியாயத்தைத் தாங்காது. ஒன்றோடொன்று மோதும்போதுதான் அவை நாடகமாகின்றன. அந்த மோதலை எப்படி அமைப்பது என்பதே இவ்வகைத் திரைக்கதையின் முதல் கேள்வி.

தற்செயல் மூலம் மோதவிடுவது எளிய வழி. விபத்தில் சிக்கி வருபவர் செவிலியரின் தம்பியாக இருப்பார். இறந்தவர் மருத்துவரின் பழைய ஆசிரியராக இருப்பார். ஒரு முறை இதை ஏற்கும் பார்வையாளர் இரண்டாம் முறை ஏற்பதில்லை. அனுபவமுள்ள எழுத்தாளர்கள் பற்றாக்குறையைப் பயன்படுத்துகின்றனர். ஒரே பொருளோ ஒரே ஆளோ ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் தேவைப்படும்போது, முன்பின் அறியாத இருவரின் கதைகள் இயல்பாகவே பின்னிக்கொள்கின்றன. இந்திய அரசு மருத்துவமனையில் அத்தகைய பொருட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மத்திய இந்தியாவில் ஒரு மாவட்ட மருத்துவமனை, ஜூலை மாத மழை இரவு என்று வைத்துக்கொள்வோம். பணி நேரம் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை. அவசர சிகிச்சைப் பிரிவில் பணி மருத்துவர் ஒருவர், பயிற்சி மருத்துவர் ஒருவர், ஓய்வுபெற சில மாதங்களே உள்ள மூத்த செவிலியர், புதிதாகச் சேர்ந்த இளம் செவிலியர், வார்டு உதவியாளர், காவலாளி ஆகியோர் உள்ளனர். சக்கரங்கள் சரியாக ஓடும் ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான் இருக்கிறது. வென்டிலேட்டர் இல்லை, கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் அம்பு பை இருக்கிறது.

இரவு 11.50 மணிக்கு முதியவர் ஒருவர் இறக்கிறார். பிணவறைச் சாவியை வைத்திருப்பவர் வெளியே சென்றிருப்பதால், உடல் அந்த ஒரே ஸ்ட்ரெச்சரிலேயே தாழ்வாரத்தில் காத்திருக்கிறது. 1.10 மணிக்கு, கிராமத்திலிருந்து 11 வயதுச் சிறுவன் வயிற்று வலியோடு கொண்டுவரப்படுகிறான். இரவு உணவுதான் காரணம் என்கிறார் தந்தை. பயிற்சி மருத்துவர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஊசியைப் போட்டுப் படுக்க வைக்கிறார். அந்த வழியாகச் செல்லும் மூத்த செவிலியர் கேட்பது ஒரே கேள்விதான்: "பையன் எங்கே படுத்திருந்தான்?" தரையில் என்று பதில் வருகிறது.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவர்களைக் கடிக்கும் பாம்பு. கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. வயிற்று வலியே முதல் அறிகுறியாக வரக்கூடும். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆனாலும் மாநகரத் தனியார் மருத்துவமனைகளையே சுற்றிவரும் நம் திரைக்கதைகளில் இந்த நோயாளியைக் காண்பது அரிது.

1.40 மணிக்குச் செவிலியர் சுமார் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு மேசை மீது நிறுத்துகிறார். இது இந்திய மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. குழாயை 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தத்தைப் பாதித்துள்ளது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தினாலோ, சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தாலோ முடிவை நம்ப முடியாது.

திரைக்கதை எழுதுபவருக்கு இது ஆயத்தமாகக் கிடைத்த கடிகாரம். நெரிசலான அறையில் ஒரு கண்ணாடிக் குழாய் 20 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதைப் பார்வையாளர் ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், அதன்பின் மேசையை நெருங்கும் ஒவ்வொரு முழங்கையும் அச்சமூட்டும். 1.45 மணிக்கு, குடிபோதையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த இளைஞரை நண்பர்கள் எட்டுப் பேர் தூக்கி வருகின்றனர். ஸ்ட்ரெச்சர் எங்கே என்று கூச்சல் எழுகிறது. அதில் ஓர் உடல் இருக்கிறது என்கிறார் உதவியாளர். உடலை இறக்கக் கூடாது என்கிறது முதியவரின் குடும்பம். காவலாளி தாழ்வாரத்துக்கு ஓட, காயமடைந்தவரை நண்பர்கள் மேசை மீதே கிடத்துகின்றனர். குழாய் உருண்டு கீழே விழுகிறது.

இங்கே யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரின் கோரிக்கையும் நியாயமானதே. சிறு நெருக்கடிகளை அடுக்கும் கதைகளில் இதுதான் உரைகல்: ஒரு கதாபாத்திரத்தை வில்லனாக்கினால்தான் காட்சி நகர்கிறது என்றால், பற்றாக்குறை சரியாக அமைக்கப்படவில்லை என்று பொருள்.

சோதனை 2.00 மணிக்கு மீண்டும் தொடங்குகிறது. 45 நிமிட அத்தியாயத்தில் இந்த 20 நிமிடத்துக்கு நான்கைந்து நிமிடமே கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் பிற இழைகள் நடக்க வேண்டும். இளைஞரின் தலைக் காயத்துக்குத் தையல் போடப்படுகிறது. போலீஸுக்குத் தகவல் அனுப்ப வேண்டிய விபத்து வழக்கு என்பதால் பணி மருத்துவர் பதிவேட்டில் எழுதுகிறார். மது அருந்தியதை எழுத வேண்டாம் என்று நண்பர்கள் கெஞ்சுகின்றனர். இளம் செவிலியர் ஐந்து நிமிடம் ஓய்வறைக்குச் செல்ல நினைக்கிறார்; அதன் தாழ்ப்பாள் உடைந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்ட பிறகு, இந்தியப் பார்வையாளருக்கு அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி வசனம் எதுவும் தேவையில்லை.

2.20 மணிக்குக் குழாயைச் சாய்க்கின்றனர். ரத்தம் உறைந்திருக்கிறது. விஷம் இல்லை என்று பயிற்சி மருத்துவர் பெருமூச்சு விடுகிறார். சாதாரணத் தொடர் இங்கே முடிந்துவிடும். ஆனால் கட்டுவிரியனின் விஷம் தாக்குவது நரம்புகளை. ரத்தம் இயல்பாகவே உறையும். செவிலியர் சிறுவனைத் தன்னை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறார். அவனுடைய இமைகள் மேலெழவில்லை. இத்தனை நேரம் பார்வையாளர் எந்தக் குழாய்க்காகப் பதறினாரோ, அதன் பதில் சரியாக இருந்தும் போதாததாகிவிடுகிறது. மருத்துவ உண்மையிலிருந்தே பிறக்கும் இத்தகைய திருப்பத்தை எழுத்தாளர் கற்பனையால் மட்டும் எட்ட முடியாது. படப்பிடிப்புத் தளத்தில் மட்டுமன்றி, கதை எழுதும் அறையிலேயே மருத்துவரும் செவிலியரும் அமர வேண்டியதன் காரணம் இதுதான்.

அடுத்து விஷமுறிவு மருந்து, தொடக்க அளவு 10 குப்பிகள். பயிற்சி மருத்துவர் சிறுவனின் எடையைக் கணக்கிட்டு அளவைக் குறைக்கப் பார்க்கிறார். பணி மருத்துவர் தடுக்கிறார். பாம்பு செலுத்தும் விஷம் ஆளுக்கு ஏற்பக் குறைவதில்லை என்பதால் குழந்தைக்கும் அதே 10 குப்பிகள்தான். மருந்து தூளாக இருக்கும். நுரைக்காதபடி மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே செலுத்த அட்ரினலின் ஊசி பக்கத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே செயலிழந்த தசையை இம்மருந்து உடனே மீட்காது என்பதால் 3.30 மணியளவில் சுவாசம் தளர்கிறது. தொண்டைக்குள் குழாய் செலுத்தப்படுகிறது. வென்டிலேட்டர் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு மணி நேரப் பயணம். அதுவரை யாராவது சில விநாடிகளுக்கு ஒரு முறை அம்பு பையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தந்தை அழுத்துகிறார். அவர் கை ஓயும்போது, சற்று முன்பு கூச்சலிட்ட நண்பர்களில் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். முதியவரின் குடும்பம் தானாகவே உடலைத் தரை விரிப்புக்கு மாற்றி, ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸ் வரை தள்ள விட்டுக்கொடுக்கிறது.

இத்தனை இழைகளும் குழம்பாமல் இருக்க, வசனம் எழுதும் முன்பே ஓர் அட்டவணை தயாராக வேண்டும். குறுக்கே கதாபாத்திரங்கள், கீழ்நோக்கிப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. பொருட்களுக்கும் தனிக் கட்டம் வேண்டும்: ஸ்ட்ரெச்சர் 2.15 மணிக்கு எங்கே இருந்தது? ஒரே ஆள் ஒரே வரியில் இரண்டு இடங்களில் வந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். நீண்ட நேரம் வெற்றாகக் கிடக்கும் கட்டமும் பிழைதான். அந்தக் கதாபாத்திரம் கதைக்குத் தேவைப்படவில்லை அல்லது எழுத்தாளர் அவரை மறந்துவிட்டார். எல்லா இழைகளும் ஒரே வரியில் உச்சம் தொட்டாலும் தவறு. ஒன்று முற்றும்போது மற்றொன்று தொடங்க வேண்டும், மூன்றாவது ஓய வேண்டும்.

இந்த இலக்கணத்தைத் தொலைக்காட்சியில் நிலைநாட்டியது 1994-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் 'இ.ஆர்.'. மருத்துவம் படித்த மைக்கேல் கிரைட்டன் அதன் முதல் அத்தியாயத்தை 1970-களிலேயே திரைப்படமாக எழுதியிருந்தார். நோயாளியோடு ஓடும் கேமரா வழியில் எதிர்ப்படும் வேறொருவரைப் பின்தொடர்ந்து அடுத்த இழைக்குள் நுழைவது அதன் அடையாளமாயிற்று. 2025-இல் வெளியான 'தி பிட்' ஒரே பணி நாளை 15 அத்தியாயங்களாக, மணிக்கு ஓர் அத்தியாயம் என விரித்தது. பின்னணி இசையும் ஏறத்தாழ இல்லை. இயந்திரங்களின் ஒலியும் ஆட்களின் பேச்சுமே அங்கே இசை. நம் தொடர்களிலோ, குழாய் உருளும்போது வயலின் ஒலிக்காமல் இருப்பது அரிது.

மருத்துவப் பிழைகளைப் பார்வையாளர் கண்டுகொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையும் பழையது. இதயத் துடிப்புக் கோடு முற்றிலும் நேராகிவிட்ட நோயாளிக்கு மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பும் காட்சி இன்றும் படமாக்கப்படுகிறது. நேர்க்கோட்டுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சையே அல்ல. மார்பை அழுத்துவதும் அட்ரினலினும்தான் அதற்கான வழி.

காலை 8 மணிக்குப் பணி ஒப்படைப்பு. புதிய குழுவுக்குத் தெரிய வேண்டியவற்றை மூத்த செவிலியர் பதிவேட்டிலிருந்து வாசிக்கிறார்: ஒரு மரணம், ஒரு விபத்து வழக்கு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுவன், விஷமுறிவு மருந்து இருப்பில் 10 குப்பிகள் குறைவு. ஓய்வறைத் தாழ்ப்பாள் பழுது என்பதையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறார். அந்த வரிக்கு மேலே, முந்தைய வாரத் தேதியிட்டு, அதே புகார் வேறொரு கையெழுத்தில் இருக்கிறது.