118 பங்கில் 18

என் சித்தப்பா எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு சீலிங் ஃபேன், வரி உட்பட 2,950 ரூபாய். ஃபேனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்த தம்பி, கால்குலேட்டரில் 2,950-க்கு 18 சதவீதம் தட்டினான். “வரி 531 ரூபாய்ப்பா. நமக்கு 2,419.”

சித்தப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அந்த 2,419 மேல 18 சதவீதம் போடு, பார்ப்போம்.”

2,854 ரூபாய் 42 பைசா வந்தது.

“மீதி 95 ரூபா 58 பைசாவ யார்றா குடுத்தா?”

படித்தவர்களும் வழுக்கி விழும் இடம் இதுதான். வரி போடப்படுவது அடக்கி வைத்த மொத்தத்தின் மேல் அல்ல, வரிக்கு முந்தைய விலையின் மேல். தம்பியோ வரியையும் சேர்த்து அதற்கும் வரி போட்டுவிட்டான். பிழை சின்னதாகத் தெரியும். ஆனால் சரியான வரி 450 ரூபாய்தான். அவன் கணக்குப்படி செலுத்தினால் ஒரு ஃபேனுக்கு 81 ரூபாய் கடையின் லாபத்திலிருந்து போகும். இருபது ஃபேன் விற்றால் 1,620 ரூபாய்.

சித்தப்பா சொல்லிக்கொடுத்த விதம் எந்தச் சூத்திரத்தையும்விட எனக்குப் பிடித்தது. வரிக்கு முந்தைய விலையை 100 பங்காக நினைத்துக்கொள். அதன் மேல் 18 பங்கு வரி. வாடிக்கையாளர் கொடுப்பது 118 பங்கு. 2,950-ஐ 118-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 25 ரூபாய். நூறு பங்கு நமக்கு, 2,500. பதினெட்டுப் பங்கு அரசுக்கு, 450. கூட்டினால் 2,950, பைசா பிசகாது. வரி 5 சதவீதமானால் மொத்தம் 105 பங்கு. அதில் 5 பங்கு என்பது சரியாக இருபத்தொன்றில் ஒன்று. ஆகவே 210 ரூபாய்ப் பொருளை 21-ஆல் வகுத்தால் வரி 10 ரூபாய் என்று மனக்கணக்காகவே வந்துவிடும்.

ஜி.எஸ்.டி. விதிகளில் 35-வது விதி சொல்வதும் இதே பங்குக் கணக்குதான். எக்செல்லில் போடுகிறவர்கள் A2-இல் மொத்தத்தையும் B2-இல் வரி சதவீதத்தையும் வைத்து இப்படி எழுதலாம்:

```
=A2*100/(100+B2)
```

மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் 18 சதவீதம் மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று பிரியும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் 1.09-ஆல் இரண்டு முறை வகுக்கிறார்கள். அப்படிச் செய்தால் 2,500-க்குப் பதில் 2,482.96 வரும். இரண்டு ஒன்பதும் ஒரே அடிப்படை விலையின் மேல் போடப்படுபவை, ஒன்றின் மேல் ஒன்று ஏறுபவை அல்ல. முதலில் இரண்டையும் கூட்டி 118-ஆல் வகுத்து, பிறகு வரியைப் பாதி பாதியாக்க வேண்டும்: 225, 225.

சூப்பர் மார்க்கெட் பில்லில் வேறொரு சிக்கல். 210 ரூபாய்க்கு ஷாம்பூ, 236 ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு, மொத்தம் 446. ஷாம்பூவுக்கு 5 சதவீதம், பல்புக்கு 18. மொத்தத்தை அப்படியே 118 பங்காகப் பிரித்தால் அடிப்படை விலை 377.97 என்று வரும். தனித்தனியாகப் பிரித்தால் 200-ம் 200-மாக 400. வரி 46 ரூபாய்தான். பில்லின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன் ஷாம்பூவுக்கும் 18 சதவீதமே இருந்தது, பழைய பில்லுக்குப் பழைய விகிதம்தான்.

இன்னொன்று, எல்லா பில்லிலும் வரி ஒளிந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. அதை அவர் பில்லின் தலையிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்தத் தொகையை 118-ஆல் வகுப்பது இல்லாத வரியைத் தேடுவது.

எல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் ஒரு பைசா இடிக்கும். 999 ரூபாய்ப் பொருளைப் பிரித்தால் அடிப்படை விலை 846.61. அதன் ஒன்பது சதவீதம் 76.1949, பில்லில் 76.19 என்று விழும். இரண்டு 76.19-ஐயும் 846.61-ஐயும் கூட்டிப் பாருங்கள், 998.99. தம்பி அன்று சாயங்காலம் இந்த ஒரு பைசாவுக்காக மூன்று முறை கணக்குப் போட்டான். சித்தப்பா பில்லின் அடியில் ‘ரவுண்டு ஆஃப் 0.01’ என்ற வரியை விரலால் தட்டிக் காட்டிவிட்டு ஷட்டரை இறக்கப் போய்விட்டார்.