எந்த வரிசை இன்னும் முடியவில்லை?

கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் ஒன்று கூகுள் ஷீட்டில் இருக்கிறது. B முதல் G வரை பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், மின்னஞ்சல், முகவரி, மாற்றுச் சான்றிதழ் எண். மின்னஞ்சல் மட்டும் விருப்பம். மற்ற 5 கட்டாயம். ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது?

பலரும் COUNTA-வைப் போடுவார்கள். அது விருப்பக் கட்டத்தையும் எண்ணும். தவறுதலாகத் தட்டிய வெறும் இடைவெளியையும் நிரம்பியதாகவே கொள்ளும். அதனால் முதல் வரிசையில், கட்டாயமான பத்திகளின் மேல் மட்டும் 1 என்று இடுங்கள். தலைப்புகள் 2-ஆம் வரிசையில், விவரங்கள் 3-இலிருந்து. H3-இல் இதை எழுதி, சதவீத வடிவம் கொடுத்து, கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT((B$1:G$1=1)*(LEN(TRIM(B3:G3))>0))/SUM(B$1:G$1)
```

TRIM இடைவெளிகளை நீக்குகிறது. மிச்சம் ஏதாவது இருந்தால்தான் கணக்கில் சேரும். ஒரு மாணவரின் கைபேசிக் கட்டத்தில் இடைவெளி மட்டுமே இருக்கிறது, மற்றவை சரி என்று வையுங்கள். COUNTA-வை 6-ஆல் வகுத்தால் 100% வரும். இந்தச் சூத்திரம் 80% என்று காட்டிக்கொடுத்துவிடும். நாளை மின்னஞ்சலும் கட்டாயமானால், அதன் மேல் 1 இட்டால் போதும்.

ஆனால் ஒன்பது இலக்கக் கைபேசி எண்ணும் இதற்கு நிரம்பியதுதான். சரிபார்ப்பு தனி வேலை.