சிவப்பில் அடைப்புக்குறி, பூஜ்யத்துக்கு ஒரு கோடு

ஒரு அபார்ட்மென்ட் சங்கத்தின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எக்செலில் நான்கே வரிகள். வாட்ச்மேன் சம்பளத்துக்கு ஒதுக்கியது 42,000 ரூபாய், செலவும் அதேதான். ஜெனரேட்டர் டீசலுக்கு 15,000 ஒதுக்கினார்கள், மழைக்காலத்து மின்வெட்டில் 21,350 ஆகிவிட்டது. தண்ணீர் லாரிக்கு ஒதுக்கிய 30,000-த்தில் 24,500 மட்டுமே போனது. பொது மின்கட்டணத்துக்கு ஒதுக்கியது 18,000. போனது 18,000 ரூபாய் 40 காசு.

மிச்சம் என்ற கடைசிப் பத்தியில் எக்செல் கழித்துக் காட்டுவது இப்படி இருக்கும்: 0, -6350, 5500, -0.4. அடியில் மொத்தம் -850.4. கணக்கு சரிதான். ஆனால் கூட்டத்தில் இதைக் கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு எங்கே கை கடித்தது என்று சட்டென்று தெரியாது. அந்தச் சின்ன மைனஸ் குறி ஜெராக்ஸில் தூசி மாதிரி விழுந்தால் பற்றாக்குறை மிச்சமாகிவிடும். கணக்கர்கள் பற்றாக்குறையை அடைப்புக்குறிக்குள் போடுவதும், ஒன்றுமில்லாத இடத்தில் சிறு கோடு இழுப்பதும் இதனால்தான்.

எக்செலில் இதைச் செய்ய, அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+1` அழுத்த வேண்டும். திறக்கும் பெட்டியில் `Number` பக்கத்தின் அடியில் `Custom` இருக்கும். அங்கே `Type` என்ற இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு இதை அடியுங்கள்:

```
#,##0_);[Red](#,##0);"-"_);@
```

பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கிறது. நடுவில் உள்ள அரைப்புள்ளிகளை மட்டும் கவனித்தால் நான்கு துண்டுகளாகப் பிரிந்துவிடும். முதல் துண்டு பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்களுக்கு. இரண்டாவது பூஜ்யத்துக்குக் கீழே இருப்பவற்றுக்கு. மூன்றாவது பூஜ்யத்துக்கு. நான்காவது எழுத்துக்கு. இந்த வரிசை மாறாது.

இரண்டாம் துண்டில் மைனஸ் குறியே இல்லை என்பதைப் பாருங்கள். இப்படித் தனித் துண்டு கொடுத்துவிட்டால் எக்செல் தானாக மைனஸ் போடுவதில்லை. நாம் எழுதியதை மட்டுமே காட்டும். அடைப்புக்குறியை மறந்து `[Red]#,##0` என்று விட்டால், 6,350 சிவப்பில் வரும், அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் பிரின்டரில் எடுத்தால் அது மிச்சப்பணமாகவே படிக்கப்படும். சிவப்பு திரைக்கு, அடைப்புக்குறி காகிதத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டும் வேண்டும். நிறத்தின் பெயரைத் துண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

முதல் துண்டின் கடைசியில் இருக்கும் `_)` என்ன? அடைப்புக்குறியின் அகலத்துக்கு ஒரு வெற்றிடம் விடு என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் (6,350) என்பதன் பூஜ்யம் ஓரிடத்திலும் 5,500 என்பதன் பூஜ்யம் சற்று வலப்புறம் தள்ளியும் நிற்கும். நாலு வரியில் கண்ணுக்குத் தெரியாது. நாற்பது வரியில் பத்தி பல் வரிசை கலைந்த மாதிரி ஆகிவிடும்.

நான்காம் துண்டில் உள்ள `@` எழுத்தை எழுத்தாகவே காட்டச் சொல்கிறது. இந்தத் துண்டே இல்லாவிட்டாலும் பாதகமில்லை, எழுத்து வழக்கம்போல் தெரியும். வம்பு எங்கே என்றால், மூன்றாம் அரைப்புள்ளியைப் போட்டுவிட்டு அதன் பின் எதுவும் எழுதாமல் விடுவதில். அப்போது அந்தப் பத்தியில் யாராவது ‘பில் வரவில்லை’ என்று அடித்தால் செல் காலியாகத் தெரியும். மேலே ஃபார்முலா பட்டையில் பார்த்தால் மட்டும் இருக்கும்.

இப்போது நம் சங்கக் கணக்குக்கு வருவோம். இந்த ஃபார்மட் போட்டதும் வாட்ச்மேன் வரியில் கோடு, டீசலில் சிவப்பாக (6,350), தண்ணீரில் 5,500, மொத்தத்தில் சிவப்பாக (850). எதிர்பார்த்தபடிதான். ஆனால் மின்கட்டண வரியில் சிவப்பாக (0) என்று நிற்கிறது. பூஜ்யத்துக்குக் கோடு போடச் சொன்னோமே?

எந்தத் துண்டைப் பயன்படுத்துவது என்பதை எக்செல் செல்லுக்குள் இருக்கும் உண்மையான மதிப்பை வைத்து முடிவு செய்கிறது. உள்ளே இருப்பது -0.4. அது பூஜ்யத்துக்குக் கீழே, எனவே இரண்டாம் துண்டு. அந்தத் துண்டில் தசம இடம் கேட்கவில்லை, எனவே முழு எண்ணாக்கி (0) என்று காட்டுகிறது. இங்கே 40 காசு காரணம். காசே தெரியாத இடத்திலும் இது வரலாம்: தசம எண்களைக் கூட்டிக் கழிக்கும்போது கணினியின் இருமக் கணக்கில் மிக நுண்ணிய எச்சம் தங்கிவிடுவதுண்டு. கோடு வர வேண்டிய இடத்தில் 0 அல்லது (0) தெரிந்தால், உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். செல்லின் தசம இடங்களைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

கழிக்கும் ஃபார்முலாவையே முழு எண்ணாக்கிவிட்டால் கோடு வந்துவிடும்:

```
=ROUND(B5-C5,0)
```

ஆனால் இது அலங்காரமல்ல, எண்ணையே மாற்றுகிறது. அந்த 40 காசு இனி மொத்தத்திலும் சேராது. சங்கக் கணக்குக்கு ஓடும். வங்கி இருப்போடு காசு வரை ஒத்துப்போக வேண்டிய கணக்கில், எண்ணைத் தொடாமல் ஃபார்மட்டில் `#,##0.00` என்று எழுதி (0.40) எனக் காட்டுவதே முறை என்பேன்.

கோட்டை விசைப்பலகையில் கையால் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தோற்றம் ஒன்றேதான், நடப்பது வேறு. கையால் அடித்த கோடு வெறும் எழுத்து. `SUM` அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும், அதனால் தப்பு வெளியே வராது. `AVERAGE` அந்த வரியை எண்ணிக்கையிலேயே சேர்க்காது. ஆக சராசரி மாறிவிடும். `=B2-C2` என்று நேராகக் கழித்தால் `#VALUE!` என்று வரும். ஃபார்மட் காட்டும் கோட்டுக்கு அடியில் 0 பத்திரமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் செல்லைச் சொடுக்கி ஃபார்முலா பட்டையைப் பாருங்கள்: அங்கே 0 அல்லது ஃபார்முலா தெரிய வேண்டும், கோடு தெரியக் கூடாது.

லட்சம் தாண்டினால் இன்னொரு தலைவலி. 1,05,000 என்று வர வேண்டியது சில கணினிகளில் 105,000 என்று வரும். இதற்கென்று நிபந்தனைகளோடு ஒரு நீளமான ஃபார்மட் கைமாறிக்கொண்டே இருக்கிறது: கோடிக்கு ஒரு துண்டு, லட்சத்துக்கு ஒரு துண்டு, மற்றதற்கெல்லாம் ஒன்று. மூன்று துண்டும் அதிலேயே தீர்ந்துவிடுவதால் பற்றாக்குறைக்கும் பூஜ்யத்துக்கும் தனி இடம் இல்லாமல் போகிறது. இரண்டரை லட்சம் பற்றாக்குறை -250,000 என்றே வரும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் `Region` அமைப்பில் `Additional settings` திறந்து, `Digit grouping` என்பதை 12,34,56,789 என்று மாற்றினால், நாம் மேலே எழுதிய `#,##0` தானாகவே லட்சக் காற்புள்ளியில் வரும். ஃபார்மட்டில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். இது கணினியின் அமைப்பு, கோப்போடு போகாது. பொருளாளர் தன் மடிக்கணினியில் திறந்தால் அவர் அமைப்பின்படிதான் தெரியும்.

இந்தக் கணக்கை வேறு மென்பொருளுக்கு அனுப்ப சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கிறீர்கள் என்றால், அதற்கு முன் அந்தப் பத்தியின் ஃபார்மட்டை `General` ஆக்கிவிடுங்கள். சிஎஸ்வியில் எக்செல் எழுதுவது கண்ணுக்குத் தெரிவதைத்தான். நிறம் போய்விடும், (6,350) என்பதும் கோடும் அப்படியே எழுத்தாகப் போகும். வாங்கிக்கொள்ளும் மென்பொருள் அந்த வரிகளை எண்ணாக ஏற்க மறுக்கலாம்.