வெட்டுப்படாத சிரையில் கட்டும் ரத்தம்

1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவுதோறும் குண்டு வீசத் தொடங்கின. மக்கள் பாதுகாப்பு அறைகளில் போய் அடைந்தார்கள். படுக்க இடம் இல்லாததால் பலர் மடக்கு நாற்காலியிலேயே உட்கார்ந்து விடியும்வரை தூங்கினார்கள். குண்டு எதுவும் விழாத அறைகளிலும் சிலர் காலையில் எழுந்து நாலு எட்டு வைத்ததும் மூச்சுத் திணறி விழுந்து இறந்தார்கள். சடலங்களைப் பரிசோதித்தவர் கீத் சிம்ப்ஸன் என்ற தடயவியல் மருத்துவர். நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அது உருவான இடம் கால். இப்படிப்பட்ட சாவுகள் அதற்கு முந்தைய ஆண்டைவிட ஆறு மடங்கு கூடியிருப்பதாக அந்த ஆண்டு இறுதியில் 'லான்செட்' இதழில் அவர் எழுதினார். நாற்காலியின் முன்பக்கக் கட்டை தொடையின் அடிப்பகுதியை இரவு முழுக்க அழுத்தியதே காரணம் என்பது அவருடைய கணிப்பு.

'ஓடாத ரத்தம் உறைந்துவிட்டது, இதில் என்ன அதிசயம்' என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஓடாமல் நிற்பதாலேயே ரத்தம் உறைந்துவிடுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹியூசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு நாயின் கழுத்துச் சிரையை இரண்டு இடங்களில் நூலால் கட்டி, நடுவில் ரத்தத்தைச் சிறைவைத்தார். பல மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோதும் பெரும்பகுதி ரத்தம் திரவமாகவே இருந்தது. அதே ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்திருந்தால் சில நிமிடங்களில் கெட்டிப்பட்டிருக்கும். ஆரோக்கியமான சிரைச் சுவரின் உள்தோலுக்கு ரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்கும் வேலையும் உண்டு.

அப்படியென்றால் கூடுதலாக என்ன வேண்டும்? 1950களில் ஸ்டான்ஃபர்ட் வெஸ்லர் என்ற அமெரிக்க மருத்துவர் முயல்களை வைத்து இதற்கு விடை தேடினார். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் நீரை, அதாவது சீரத்தை, முயலின் ரத்தத்தில் செலுத்தினார். அதில் உறைதலைத் தூண்டும் புரதங்கள் விழித்த நிலையில் இருக்கும். ரத்தம் ஓடிக்கொண்டிருந்த சிரைகளில் ஒன்றும் நடக்கவில்லை. உடனே ஒரு சிரைத் துண்டின் இரு முனைகளையும் கட்டி ஓட்டத்தை நிறுத்தியதும், அந்தத் துண்டு முழுக்கச் சில நிமிடங்களில் உறைந்துபோனது. சீரம் இல்லாமல் ஓட்டத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தால் உறையவில்லை. ஓடும் ரத்தம் தூண்டுபொருளை நீர்த்துப்போகச் செய்கிறது, கல்லீரலுக்குக் கொண்டுபோய் அழிக்கிறது. நிற்கும் ரத்தத்தில் அது அங்கேயே தங்கிப் பெருகுகிறது. அதனால் தேக்கமும் தூண்டலும் ஒன்றுசேர வேண்டும்.

ரத்த ஓட்டத்தின் தேக்கம், குழாய்ச் சுவரின் காயம், ரத்தத்தின் உறையும் போக்கு ஆகிய மூன்றையும் மருத்துவ மாணவர்கள் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரில் மனப்பாடம் செய்கிறார்கள். 1850களில் அவர் எழுதியதில் முக்கியமானது, நுரையீரலை அடைக்கும் கட்டி வேறெங்கோ உருவாகி அங்கே வந்து சேர்கிறது என்று நிறுவியதுதான். மூன்று காரணங்களையும் ஒரே பட்டியலாக்கி அவர் பெயரைச் சூட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். பட்டியல் சரியானதே. ஆனால் அதைப் படிக்கிறவர்கள் மூன்றையும் தனித்தனிச் சங்கதிகளாக எடுத்துக்கொள்கிறார்கள். காலில் அவை ஒன்றையொன்று பெற்றெடுக்கின்றன. அது நடக்கும் இடம் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பை.

காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் மேல்நோக்கி இதயத்துக்கு ஏற வேண்டும். நேராக நிற்கும்போது கணுக்கால் சிரையில் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது கீழே திரும்பாமல் வால்வுகள் தடுக்கின்றன. ஒவ்வொரு வால்வும் சுவரில் எதிரெதிராக ஒட்டிய இரண்டு மெல்லிய இதழ்கள். இதழுக்கும் சுவருக்கும் நடுவில், சட்டைப்பை போல மேல்பக்கம் மட்டும் வாய் திறந்த ஓர் இடம் இருக்கிறது. நடக்கும்போது அந்தப் பைக்குள் இருக்கும் ரத்தம் அடிக்கு அடி சுழன்று வெளியேறி, புது ரத்தம் உள்ளே வருகிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் நடுவில் ரத்தம் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும், பைக்குள் இருப்பது மட்டும் அப்படியே கிடக்கும்.

பர்மிங்ஹாமில் பணியாற்றிய நோயியல் நிபுணர் சைமன் செவிட் 1974இல் தொடைச் சிரைகளை மெல்லிய சீவல்களாக நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். சின்னஞ்சிறு கட்டிகள் இந்தப் பைகளுக்குள் பிறந்து, வாய் வழியாக வெளியே நீண்டு வளர்ந்திருந்தன. அவற்றின் அடியில் சிரைச் சுவர் கிழிந்திருக்கிறதா என்று தேடினார். ஏறக்குறைய எதிலுமே காயம் இல்லை.

கத்தி படாத சுவர் ஏன் காயம்பட்ட சுவரைப் போல நடந்துகொள்கிறது? 1981இல் ஹேமர், மலோன், சில்வர் என்ற மூவர் நுண்ணிய மின்முனையை வால்வுப் பைக்குள் இறக்கி அங்குள்ள ஆக்சிஜனை அளந்தார்கள். ரத்த ஓட்டம் துடிப்பு இல்லாமல் சீராக மட்டும் போகும்போது, பைக்குள் ஆக்சிஜன் மளமளவென்று சரிந்தது. துடிப்பு திரும்பியதும் ஏறியது. சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. பையில் அடைபட்ட செல்கள் அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. மூச்சுமுட்டும் உள்தோல் செல்கள் அபாய அறிவிப்பாகத் தம்முள் சேமித்து வைத்திருக்கும் பிசுபிசுப்பான புரதங்களை வெளியே நீட்டுகின்றன. அவற்றில் தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் வந்து ஒட்டுகின்றன. அந்த வெள்ளை அணுக்கள் திசுக்காரணி என்ற புரதத்தைக் கொண்டுவருகின்றன. உறைதல் தொடரை முடுக்கிவிடும் புரதம் அதுதான். வெஸ்லர் ஊசியால் ஏற்றிய தூண்டுபொருளின் வேலையை இங்கே உடம்பே செய்துகொள்கிறது.

2019இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இதற்கு இன்னும் ஒரு படி சேர்த்தது. வால்வுப் பையின் உள்தோல், மற்ற இடத்து உள்தோலைவிட அதிகமாகவே உறைதலைத் தடுக்கும் புரதங்களைச் சுமந்திருக்கிறது. ஆபத்தான இடத்துக்குக் காவலும் கூடுதல். அந்தக் காவல் நிலைத்திருப்பதற்கு, ரத்தம் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். எலிகளின் கால் தசையை அசையவிடாமல் செய்தபோது காவல் புரதங்கள் குறைந்துபோயின. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இதுதான்: நடை என்பது ரத்தத்தை மேலே தள்ளுவதோடு நிற்பதில்லை, உறையாமல் இருக்கும்படி சுவருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருக்கிறது.

இப்போது இடுப்பெலும்பு முறிந்த ஒரு 65 வயது அம்மாவை நினைத்துக்கொள்வோம். குளியலறையில் வழுக்கி விழுந்தவர். முறிந்த எலும்பிலிருந்தும் நசுங்கிய தசையிலிருந்தும் திசுக்காரணி ரத்தத்தில் கலக்கிறது. இரண்டு நாள் படுக்கையில் கிடந்து அறுவைக்குக் காத்திருக்கிறார். மேசையில் முதுகுத்தண்டு ஊசி போட்டதும் கெண்டைக்கால் தசை மொத்தமாகத் தளர்ந்துவிடுகிறது. மூட்டைப் பொருத்துவதற்காக மருத்துவர் காலைத் திருகும்போது தொடைச் சிரை மடங்கி, அதில் கொஞ்ச நேரம் ஓட்டமே நின்றுபோகிறது. அறுவை முடிந்தபின் காயத்தை ஆற்றக் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதத்தை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கிறது. கட்டியைக் கரைக்கும் அமைப்போ மந்தமாகிவிடுகிறது. ரத்தப்போக்கால் சாகாமல் இருக்க உடம்பு செய்யும் நியாயமான ஏற்பாடு அது. அறுபட்ட இடத்துக்கு மட்டும் தேவையான அந்த ஏற்பாடு, உடம்பெங்கும் சுற்றும் ரத்தத்தில் நடக்கிறது. அசையாத கெண்டைக்காலின் வால்வுப் பைக்கும் அது போய்ச் சேருகிறது.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது என்று காட்டியவர் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இருந்த இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் வி. வி. கக்கர். கதிரியக்க அயோடின் சேர்த்த ஃபைப்ரினோஜனை அறுவை நோயாளிக்குச் செலுத்திவிட்டு, கால் நெடுகக் கருவியை வைத்து தினமும் அளந்தார். கட்டி உருவாகும் இடத்தில் கதிர்வீச்சு கூடும். 1969இல் வந்த முடிவு மருத்துவர்களைத் திகைக்க வைத்தது: சுமார் 30 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. பெரும்பாலோருக்கு வலியோ வீக்கமோ இல்லை. மூன்றில் ஒரு பங்குக் கட்டிகள் சில நாட்களில் தாமாகவே கரைந்தன. கெண்டைக்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறிய சிலவற்றிலிருந்துதான் நுரையீரலுக்குத் துண்டுகள் போயின. பிறகு அவர் தலைமையில் 4,121 நோயாளிகளிடம் நடந்த சோதனை 1975இல் வெளியானது. அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பும், பின்பு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தோலுக்கடியில் சிறு அளவு ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் ஹெப்பாரின் பெறாத பிரிவில் 16 பேர், பெற்ற பிரிவில் 2 பேர். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் தொப்புளுக்குப் பக்கத்தில் போடும் சின்ன ஊசி அந்த வழியில் வந்ததுதான். காயத்திலிருந்து ரத்தம் கசிவது சற்றுக் கூடும் என்பது அதன் விலை.

நீண்ட பயணத்திலும் கால் அசையாமல்தான் கிடக்கிறது. ஆனால் அங்கே கத்தி இல்லை, திசுக்காரணி வெள்ளமும் இல்லை. அதனால் ஆபத்தும் மிகச் சிறியது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். விமானம், ரயில், பேருந்து, கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவெல்லாம் உட்கார்ந்தே போகும் பேருந்துப் பயணி விமானப் பயணியைவிடப் பத்திரமானவர் என்று நினைக்க இடமில்லை. குள்ளமானவர்களுக்கு விமானத்தில் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்றும் அந்த ஆய்வு கண்டது. பாதம் தரையில் சரியாகப் பதியாமல், இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறச் சிரையை அழுத்துவதாக இருக்கலாம். சிம்ப்ஸனின் நாற்காலிக் கட்டை செய்த அதே காரியம்.

விமானத்தின் மெல்லிய காற்று இதைக் கூட்டுமா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. 2006இல் டச்சுக் குழு ஒன்று 71 பேரை எட்டு மணி நேரம் பறக்கவிட்டது, இன்னொரு நாள் எட்டு மணி நேரம் திரைப்படம் பார்க்கவைத்தது. ரத்தத்தில் உறைதலின் அடையாளம் விமானத்துக்குப் பிறகு மட்டும் கூடியது. அதே ஆண்டில் ஆங்கிலேயக் குழு ஒன்று ஆரோக்கியமானவர்களைக் காற்றழுத்தம் குறைத்த அறையில் உட்காரவைத்துப் பார்த்தபோது அழுத்தக் குறைவால் மாற்றமே தென்படவில்லை. டச்சுக்காரர்களிடம் அதிகம் மாறியது, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற, கூடவே பிறவியிலேயே உறையும் போக்கு உள்ள பெண்களிடம். இந்த மரபுக்கூறு 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்டது. ஐரோப்பியர்களில் இருபதில் ஒருவருக்கு இருக்கும், நம்மிடையே அரிது. நம்மிடம் அந்த இடத்தைப் பெரும்பாலும் கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், புற்றுநோய், முன்பு வந்த கட்டி ஆகியவை பிடிக்கின்றன.

கட்டி பயணத்தன்றே தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் வாரத்தில் ஆபத்து அதிகம், எட்டு வாரம்வரை கொஞ்சம் நீடிக்கும். இடுப்பு மாற்று அறுவைக்குப் பிறகும் அப்படித்தான். அதனால்தான் மருந்தை 35 நாள்வரை தொடர்கிறார்கள். இரண்டு காலும் வீங்கினால் பெரும்பாலும் காரணம் வேறு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் கனத்து வலித்தால் சந்தேகப்பட வேண்டும். இடது காலில் சற்று அதிகம் வருகிறது. அந்தப் பக்கச் சிரை இடுப்புக்குள் ஒரு தமனிக்கு அடியில் நசுங்கிப் போவது காரணம். ஸ்கேன் செய்பவர் கருவியைத் தொடையில் வைத்து லேசாக அழுத்துவார். நல்ல சிரை திரையில் சப்பென்று மடங்கி மறையும், பக்கத்துத் தமனி வட்டமாகவே இருக்கும். கட்டி உள்ள சிரை அழுத்தத்துக்கு மடங்காது. கட்டி துண்டாகி நுரையீரலுக்கு ஏறினால் மூச்சுவாங்கும், இழுத்து மூச்சுவிடும்போது நெஞ்சு குத்தும், சிலருக்கு மயக்கம் வரும். அப்போது அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். போகிறவர்கள் மூன்று வாரம் முன்பு சிங்கப்பூர் போய்வந்ததையோ, போன மாதம் மூட்டு மாற்றியதையோ தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. மூச்சுத்திணறலோடு வருகிறவரின் காலைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவருக்கு உடனே தோன்றுவது அந்த ஒரு தகவலால்தான்.