மூன்று புள்ளிகள், ஒரு பரவளையம், கண்ணுக்குத் தெரியாத மூலம்

x³ + x + 10 = 0 என்ற முப்படிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். x-க்கு −2 என்று போட்டால் −8 − 2 + 10, விடை பூஜ்யம். ஆக −2 ஒரு மூலம். முப்படிச் சமன்பாட்டுக்கு மூன்று மூலங்கள் இருந்தாக வேண்டும். மற்ற இரண்டும் எங்கே? வரைபடத்தாளில் வளைவரையை வரைந்து பார்த்தால் அது x அச்சை ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டுகிறது. மீதி இரண்டும் 1 + 2i, 1 − 2i என்ற கலப்பெண்கள். i என்பது −1-இன் வர்க்கமூலம். இந்த இரண்டும் எண்கோட்டிலேயே இல்லை என்பதால் வரைபடத்தில் தேடிப் பயனில்லை.

இந்தச் சமன்பாட்டில் விடை நமக்கு முன்பே தெரியும். தெரியாத சமன்பாடுகளுக்குக் கல்லூரியில் முதலில் சொல்லிக்கொடுப்பது நியூட்டன் முறை. ஒரு எண்ணை ஊகித்து, அந்த இடத்தில் வளைவரைக்குத் தொடுகோடு வரைந்து, அது x அச்சை வெட்டும் இடத்தை அடுத்த ஊகமாகக் கொள்வது. நம் சமன்பாட்டில் 1-இல் தொடங்கினால் சார்பின் மதிப்பு 12, தொடுகோட்டின் சாய்வு 4. அடுத்த ஊகம் 1 − 12/4, அதாவது −2. ஒரே எட்டில் மெய்யான மூலம் கிடைத்துவிடுகிறது. ஆனால் மெய்யெண்ணில் தொடங்கி இந்த முறையை எத்தனை தடவை ஓட்டினாலும் 1 + 2i கிடைக்காது. நேர்கோடு எங்கே பூஜ்யமாகிறது என்று கண்டுபிடிக்கக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். மெய்யெண்களை வைத்து இந்த நான்கையும் எப்படிச் செய்தாலும் விடை மெய்யெண்ணாகவே இருக்கும்.

1956-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் முல்லர், கணிப்பொறியில் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்காக வெளியிட்ட முறை இந்த வேலியைத் தாண்டுகிறது. அவர் நேர்கோட்டுக்குப் பதிலாகப் பரவளையத்தைப் பயன்படுத்தினார். இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிப்பதுபோல மூன்று புள்ளிகள் ஒரு பரவளையத்தைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பரவளையம் எங்கே பூஜ்யமாகிறது என்று கண்டுபிடிக்க இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். அதற்கு வர்க்கமூலம் எடுத்தாக வேண்டும். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து உட்கார்ந்தால் விடை கலப்பெண்ணாகிவிடும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். தொடக்கப் புள்ளிகள் 0, 1, 2. சார்பின் மதிப்புகள் முறையே 10, 12, 20. இந்த மூன்றின் வழியாகவும் செல்லும் பரவளையம் 3x² − x + 10. இதன் தன்மைகாட்டி 1 − 120 = −119. பரவளையம் x அச்சைத் தொடாமல் மேலேயே நின்றுவிடுகிறது. பள்ளிக் கணக்கில் இந்த இடத்தில் ‘மெய்யான தீர்வு இல்லை’ என்று எழுதி முடித்துவிடுவோம். முல்லர் முறையில் வேலையே இங்கிருந்துதான் தொடங்குகிறது. தீர்வுகள் தோராயமாக 0.167 + 1.818i, 0.167 − 1.818i. இரண்டில் கடைசிப் புள்ளியான 2-க்கு எது அருகில் இருக்கிறதோ அதை எடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே இரண்டும் சம தூரத்தில் இருப்பதால் எதை எடுத்தாலும் சரி. கூட்டல் குறி உள்ளதை எடுப்போம்.

இப்போது பழைய புள்ளியான 0-ஐ விட்டுவிட்டு 1, 2, புதிய கலப்பெண் ஆகிய மூன்றையும் வைத்து மறுபடி பரவளையம் பொருத்துகிறோம். இதைத் தாளில் வரைய முடியாது. ஆனால் சூத்திரம் அப்படியே செல்லுபடியாகும், எண்கள் மட்டும் கலப்பெண்கள். இப்படித் தொடரும்போது ஊகங்கள் வரும் விதம் இது:

0.167 + 1.818i
0.878 + 2.293i
1.022 + 1.956i
1.0004 + 1.9992i

நான்காவது ஊகத்திலேயே பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கும். தொடக்கத்தில் நாம் கொடுத்தவை 0, 1, 2 என்ற சாதாரண எண்கள் மட்டுமே. சமன்பாட்டின் கெழுக்கள் மெய்யெண்களாக இருப்பதால் 1 + 2i கிடைத்தவுடன் அதன் இணையான 1 − 2i-யும் கிடைத்ததாகவே கொள்ளலாம். இரண்டையும் சேர்த்தால் x² − 2x + 5 என்ற காரணி வருகிறது. அதைக் கொண்டு வகுத்தால் மிஞ்சுவது x + 2. மூன்று மூலங்களும் முடிந்தன.

வேகத்தில் இந்த முறை நடுத்தரம். மூலத்துக்கு அருகில் வந்தபின் ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.84 மடங்காகிறது. நியூட்டன் முறையில் அது 2 மடங்கு, வெட்டுக்கோட்டு முறையில் சுமார் 1.62 மடங்கு. ஆனால் நியூட்டன் முறைக்குச் சார்போடு அதன் வகைக்கெழுவையும் ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். முல்லர் முறைக்கு ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு புதிய சார்பு மதிப்பு போதும்.

கணிப்பொறியில் எழுதும்போது பள்ளியில் படித்த இருபடிச் சூத்திரத்தை அப்படியே போடக் கூடாது. மூலத்தை நெருங்க நெருங்க, கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்க நேரும். அதில் சரியான இலக்கங்கள் பறிபோகும். ஆகவே கடைசிப் புள்ளியிலிருந்து அடுத்த ஊகம் எவ்வளவு தூரம் என்பதை −2c / (b ± √(b² − 4ac)) என்ற வடிவில் கணக்கிடுவார்கள். இங்கே c என்பது கடைசிப் புள்ளியில் சார்பின் மதிப்பு, b அதே புள்ளியில் பரவளையத்தின் சாய்வு, a அதன் x² கெழு. ± குறியில், கீழே இருக்கும் தொகையின் அளவைப் பெரிதாக்கும் குறியைத் தேர்ந்தெடுத்தால் அருகில் இருக்கும் மூலம் தானாகவே வந்துவிடும். இன்னொன்று, வர்க்கமூலம் எடுக்கும் கட்டளை கலப்பெண்களை ஏற்க வேண்டும். பைத்தானில் `math.sqrt(-119)` பிழை காட்டி நின்றுவிடும், `cmath.sqrt(-119)` விடை தரும்.

முறை சறுக்கும் இடமும் உண்டு. x³ − x − 2 = 0 என்ற சமன்பாட்டை −1, 0, 1-இல் தொடங்கிப் பாருங்கள். மூன்று இடத்திலும் மதிப்பு −2. மூன்று புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருப்பதால் பரவளையம் படுக்கைக் கோடாகிவிடுகிறது. a, b இரண்டும் பூஜ்யம், சூத்திரத்தின் அடியிலும் பூஜ்யம். நிரல் இதைக் கவனித்து ஒரு புள்ளியை மாற்ற வேண்டும். 0, 1, 2 என்று மாற்றினால் 3x² − 3x − 2 கிடைக்கிறது, அது 1.457 என்ற ஊகத்தைத் தருகிறது. உண்மையான மூலம் 1.521. இரட்டை மூலம் இருந்தாலும் சிக்கல்தான். விடை வரும், ஆனால் மேலே சொன்ன வேகம் இருக்காது.

மெய்யான மூலத்தைத் தேடும்போதுகூட வழியில் கலப்பெண்கள் தலைகாட்டலாம். கடைசியில் கற்பனைப் பகுதி 10⁻¹⁷ போல மிகச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் கணிப்பொறியின் முழுமையாக்கல் பிழை. அதை நீக்கிவிட்டு, மெய்ப்பகுதியை மட்டும் சமன்பாட்டில் போட்டு, மதிப்பு பூஜ்யத்துக்கு மிக அருகில் வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மெய்யான மூலம் மட்டுமே தேவை, அது எந்த இரு எண்களுக்கு இடையில் இருக்கிறது என்பதும் தெரியும் என்றால் இந்த முறை வேண்டாம். அந்த இடைவெளியை விட்டு வெளியே போகாத பிரெண்ட் முறையே நல்லது.

கையால் கணக்குப் போடப் பொறுமை இல்லாதவர்கள் பைத்தானின் `mpmath` நூலகத்தில் இதை ஓட்டிப் பார்க்கலாம்:

```python
from mpmath import findroot
f = lambda x: x**3 + x + 10
print(findroot(f, (0, 1, 2), solver='muller'))
```

ஒரு மூலம் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். தொடக்கப் புள்ளிகளை மாற்றி, எந்த மூன்று எண்கள் உங்களை −2-க்குக் கொண்டுபோகின்றன, எவை 1 + 2i-க்குக் கொண்டுபோகின்றன என்று தேடிப் பாருங்கள்.