மூன்று சிகரங்களில் ஒரு மூலக்கூறு

ஒரு திரவத்தின் வாய்பாடு C₄H₈O₂ என்று மட்டும் தெரியும். அதன் புரோட்டான் என்.எம்.ஆர். வரைபடத்தில் 4.1, 2.0, 1.3 பி.பி.எம். ஆகிய இடங்களில் சிகரங்கள் எழுகின்றன.

அவற்றின் பரப்பளவு விகிதம் 2:3:3. மொத்தம் எட்டு ஹைட்ரஜன். ஆகவே ஒரு CH₂, இரண்டு CH₃ என்று கொள்ளலாம்.

அடுத்தது பிளவு. பக்கத்துக் கார்பனில் n ஹைட்ரஜன் இருந்தால் சிகரம் n+1 கோடுகளாகப் பிரியும். 4.1-இல் நான்கு கோடுகள். எனவே CH₂-வின் அண்டையில் CH₃. 1.3-இல் மூன்று கோடுகள். அந்த CH₃-இன் அண்டையில் CH₂. இரண்டும் சேர்ந்தால் எத்தில். 2.0-இல் ஒற்றைக் கோடு; அந்த CH₃ தனித்து நிற்கிறது. மிஞ்சுவது CO₂, அதாவது எஸ்டர் பிணைப்பு.

ஆனால் மெத்தில் புரோப்பனோயேட்டும் இதே பரப்பையும் பிளவையும் காட்டும். அதில் ஆக்சிஜனை ஒட்டியிருப்பது CH₃ என்பதால் ஒற்றைக் கோடு 3.7-க்குப் போய்விடும். இங்கே அந்த இடத்தில் CH₂ இருக்கிறது. எனவே திரவம் எத்தில் அசிட்டேட்.