பயிற்சிக் குறிப்பைப் பருவ அட்டவணையாக்கும் முறை
சம்பா நெல்லும் தரிசு உளுந்தும்

பயிற்சி வகுப்புக்குச் சென்று திரும்பும் விவசாயிகள் பலரிடம் குறிப்பு நோட்டு இருக்கிறது. "நட்ட 25ஆம் நாள் மேலுரம்", "விதைத்த 135ஆம் நாள் அறுவடை" என்று அதில் எழுதியும் இருக்கிறது. ஆனால் வயலில் நிற்கும்போது இன்று எத்தனையாவது நாள் என்று கணக்கிட்டுக் கொண்டிருக்க முடியாது. அந்த நாள் கணக்கை மாதத்திலும் தேதியிலும் ஏற்றிச் சுவரில் மாட்டிவிட்டால் வேலை எளிதாகும். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நெல்லும் அதை அடுத்து நெல் தரிசில் உளுந்தும் செய்யும் ஒரு வயலை எடுத்துக்கொள்வோம்.

அட்டவணையை விதைப்பில் தொடங்கி எழுதக்கூடாது. கடைசிப் பயிரிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். நெல் தரிசு உளுந்துக்குத் தனிப் பாசனம் இல்லை. நிலத்தில் மிஞ்சியிருக்கும் ஈரமும் பனியும்தான் அதை வளர்க்கின்றன. ஆகவே தை முதல் வாரத்தில் விதை விழுவது நல்லது. மாசி பிறந்த பின் விதைத்தால், பூக்கும் நேரத்தில் ஈரம் வற்றி வெயிலும் ஏறிவிடும். நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தூவ வேண்டும் என்பதால், தை 1 அல்லது 2இல் (ஜனவரி 15 வாக்கில்) உளுந்து என்றால் தை 9 அல்லது 10இல் (ஜனவரி 23 வாக்கில்) நெல் அறுவடை.

இங்கிருந்து பின்னோக்கிச் செல்ல ஒரு கணக்கு உதவும். நெல் எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து முற்றுவதற்குச் சுமார் 30 நாளும், இளங்கதிர் தோன்றியதிலிருந்து பூப்பதற்குச் சுமார் 30 முதல் 35 நாளும் எடுக்கும். குறுகிய கால ரகம், நீண்ட கால ரகம் என்ற வித்தியாசமெல்லாம் பெரும்பாலும் அதற்கு முந்தைய வளர்ச்சிப் பருவத்தில்தான். எனவே ஜனவரி 23இல் அறுவடை என்றால் டிசம்பர் 24 வாக்கில் பூக்கும். நவம்பர் 20 - 24க்குள், அதாவது கார்த்திகை முதல் வாரத்தில், இளங்கதிர் தோன்றும். ரகம் 135 நாள் என்றால் நாற்றங்கால் விதைப்பு செப்டம்பர் 10, ஆவணி 25 வாக்கில். 25 நாள் நாற்றை அக்டோபர் 5இல் நடலாம். தூர் கட்டும் மேலுரம் அக்டோபர் கடைசி வாரம்.

அட்டையில் ஆடி முதல் ஆனி வரை பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, குறுக்கே விதைப்பு, பராமரிப்பு, அறுவடை என மூன்று வரிகள் இழுத்தால் போதும். ஒவ்வொரு வயலுக்கும் தனி அட்டை வேண்டும். மேலே ஐப்பசி, கார்த்திகைக் கட்டங்களில் மழைக்கு நிழலிடுக. மேலுரத் தேதி அந்த நிழலுக்குள் விழுகிறது அல்லவா? வரப்பு வழிந்து ஓடும் நாளில் யூரியா இட்டால் அது வாய்க்காலுக்குத்தான் போகும். நீரை வடித்து, மழை ஓய்ந்த பின் இட வேண்டும்.

பலர் தவறுவது "விதைத்த நாள்", "நட்ட நாள்" என்ற இரண்டையும் கலந்துவிடுவதில்தான். கதிர் உருவாகும் நேரத்து மேலுரம் இதனால் 25 நாள் தள்ளிப் போகும். அதற்குள் கதிரின் மணி எண்ணிக்கை முடிவாகி விட்டிருக்கும். நோட்டில் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் எதிலிருந்து எண்ணியது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். நேரடி விதைப்பு வயல், நாற்று நடவு அதிர்ச்சி இல்லாததால், ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே முற்றும் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

தேதியைப் பென்சிலாலும், வயலில் காண வேண்டிய அடையாளத்தை மையாலும் எழுதுவது நல்லது. கார்த்திகை முதல் வாரத்தில் நாலைந்து தாய்த் தூர்களைப் பிடுங்கி, அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே ஓரிரு மில்லி மீட்டர் உயரத்தில் பஞ்சு நுனிபோல் வெண்மையாகத் தெரிந்தால் அதுவே இளங்கதிர். அன்றுதான் உரத்துக்கு நாள். அட்டையில் எழுதிய தேதி அல்ல. அங்கிருந்து 60 நாளுக்கு மேல் எண்ணி அறுவடைத் தேதியையும் உளுந்துத் தேதியையும் திருத்தலாம்.

தண்ணீர் தாமதமாகி செப்டம்பர் 25இல் விதைத்தால் எல்லாக் கட்டங்களும் 15 நாள் நகரும். உளுந்து தை நடுவில் விழும், பாதகமில்லை. அக்டோபர் 10 என்றால் உளுந்து ஜனவரிக் கடைசியையும் தாண்டி பிப்ரவரி நடுவுக்குப் போய்விடும். அப்போது 135 நாள் ரகத்தை விட்டு, சுமார் 115 நாள் ரகத்துக்கு மாறினால் உளுந்து மீண்டும் தைக்குள் வரும். ஆனால் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பழைய சம்பா ரகங்களுக்கு இந்த நகர்த்தல் பொருந்தாது. எப்போது விதைத்தாலும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் அவை பூக்கும். தாமதித்தால் தூர்தான் குறையும்.

உளுந்து விதைக்கும் நாளில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. காலடி பதியும் மெழுகுப் பதம் வேண்டும். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும். ஆடுதுறை 3 போன்ற 70 - 75 நாள் ரகத்துக்கு மாசி முதல் வாரத்தில் பூக்கும் தருணத்திலும், அதற்கு 15 நாள் கழித்தும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பு என்று பராமரிப்பு வரியிலும், பங்குனி நடுவில் அறுவடை வரியிலும் குறித்துவிடலாம். சித்திரைக் கட்டம் இந்த வயலுக்கு வெறுமையாகவே இருக்கும். கோடை உழவுக்கு அது.